ஒரு வாரக் குப்பையைத் தராசில் வைத்துப் பாருங்கள்: கழிவுப் படிநிலை, மேலிருந்து கீழாக

குப்பையைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது மூன்று வண்ணங்களில் குப்பைத்தொட்டி வாங்குவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிரித்துப் போட்டேன், நிறம் மாறாமல் போட்டேன். ஆனால் வீட்டிலிருந்து வெளியே போகும் குப்பையின் அளவு கொஞ்சமும் குறையவில்லை. பிரிப்பது தேவையான வேலைதான். ஆனால் அது நடுப்படியில் செய்ய வேண்டிய வேலை. மேலே இரண்டு மூன்று படிகளை விட்டுவிட்டு நேராக அங்கே போய் நின்றதுதான் என் தவறு.

கழிவுப் படிநிலை என்பது ஒரு பொருளைப் பார்த்து வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள். இது வேண்டவே வேண்டாம் என்று மறுக்க முடியுமா? முடியாவிட்டால் அளவைக் குறைக்க முடியுமா? வந்துவிட்டதென்றால் மீண்டும் பயன்படுத்த முடியுமா? பயன் தீர்ந்துவிட்டால் மறுசுழற்சிக்கோ உரத்துக்கோ போகுமா? அதுவும் இல்லையென்றால் முறையாக எரித்து வெப்பமாவது எடுக்க முடியுமா? இவை எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் மட்டும் கடைசிப் படி, அதாவது அகற்றுதல். 1979ல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் ஆட் லான்சிங்க் என்ற உறுப்பினர் இந்த வரிசையை முன்வைத்தார். அங்கே இன்றும் இதை ‘லான்சிங்கின் ஏணி’ என்றே சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008ல் இதே வரிசையைத் தன் கழிவுச் சட்டத்தில் சேர்த்தது. மேலே போகப் போகச் சுற்றுச்சூழலுக்கு வரும் சேதம் குறையும், கீழே வர வர அது கூடும் என்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம்.

சரி, இதை வீட்டில் எப்படித் தொடங்குவது? என் வீட்டுக் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வாரம் எடை போடுங்கள்

பண்டிகை, விருந்தாளி எதுவும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பயணப் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு நாள் இரவும் ஈரக் குப்பையைத் தனியாக எடை போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அது ஒரு வாரம் தாங்காது. காய்ந்த குப்பையை ஒரு சாக்கில் சேர்த்து, வாரக் கடைசியில் மொட்டைமாடியிலோ வாசலிலோ பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டிப் பிரியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நாப்கின், டயப்பர் போன்றவற்றைப் பிரிக்கவே வேண்டாம், பொட்டலத்தோடு எடை போட்டால் போதும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அந்த வாரம் மொத்தம் 11.2 கிலோ வந்தது. அதில் 7.4 கிலோ சமையலறையின் ஈரக் குப்பை. காகிதமும் அட்டையும் 1.3 கிலோ, பிளாஸ்டிக் 1.1 கிலோ, கண்ணாடியும் உலோகமும் 0.6 கிலோ, நாப்கின் வகையறா அரை கிலோ. மீதி 300 கிராம் தூசியும் கிழிந்த துணியும்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி அந்த 7.4 கிலோவுக்குள்தான் இருந்தது. அதில் 1.6 கிலோ, சாப்பிட்டிருக்கக்கூடிய உணவு: மிஞ்சிய சோறு, புளித்துப்போன இட்லி மாவு, அழுகிய கொத்தமல்லி, வாங்கி மறந்துபோன கத்தரிக்காய். குப்பை என்றால் பிளாஸ்டிக் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கெட்டுப்போன உணவின் எடை, மொத்த பிளாஸ்டிக்கின் எடையைவிட அதிகம். இதனால்தான் எடை போடச் சொல்கிறேன். கண் நிறைய இடத்தை அடைக்கும் பொருளைத்தான் பார்க்கும், தராசு மற்றதையும் காட்டும்.

மறுப்பது: கடைக்காரர் கை கவருக்குப் போவதற்கு முன்பு

மறுப்பதற்குச் சரியான நேரம் என்று ஒன்று உண்டு. மளிகைக் கடையில் பொருளைக் கட்டிக் கொடுத்த பிறகு ‘கவர் வேண்டாம்’ என்றால், அவர் எடுத்துக் கீழே போட்டுவிடுவார். அப்போது கவர் மிச்சமாகவில்லை, இடம்தான் மாறியது. தராசில் வைக்கும் முன்பே பையை நீட்ட வேண்டும். காய்கறிக் கடையில் எல்லாக் காயையும் ஒரே பையில் போடச் சொன்னால் எடை போட வசதியாக இருக்காது. அதனால் பெரிய பைக்குள் நான்கைந்து சின்னத் துணிப்பைகளை வைத்துக்கொள்கிறேன். வெண்டைக்காய்க்கு ஒன்று, பச்சைமிளகாய்க்கு ஒன்று என்று எடை போட்டு அப்படியே உள்ளே போகும்.

ஓட்டல் பார்சலைப் பிரித்துப் பாருங்கள். நான்கு இட்லிக்கு ஒரு பெட்டி, அதற்குள் வெள்ளிக் காகிதம் போல ஒன்று, சாம்பாருக்கு ஒரு கவர், இரண்டு சட்னிக்கு இரண்டு கவர், ரப்பர் பேண்ட், கரண்டி, இவை எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பை. சாப்பாடு 10 நிமிடத்தில் முடிந்துவிடும். எண்ணெயும் சாம்பாரும் பட்ட அந்தக் கவர்களைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார், உரத்தொட்டியிலும் போட முடியாது. கீழே உள்ள படிகளில் எதிலும் இவற்றுக்கு நல்ல வழி கிடையாது. இப்படிப்பட்ட பொருட்களைத்தான் முதல் படியிலேயே நிறுத்த வேண்டும். நாங்கள் ஒரு அடுக்குத் தூக்கை வாசலுக்குப் பக்கத்திலேயே, வண்டிச் சாவிக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறோம். சமையலறை அலமாரியில் இருந்தவரை அதை ஒருவரும் எடுத்துப் போனதில்லை. இறைச்சிக் கடைக்கும் மாவுக் கடைக்கும் இதே போல மூடியுள்ள பாத்திரம் போகிறது. பாத்திரத்தை முதலில் வெறுமையாகத் தராசில் வைத்துக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல கடைக்காரர்கள் கேட்காமலேயே செய்வார்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. காகிதம்தானே என்று நினைக்கிறோம். ஆனால் அந்த மெல்லிய பூச்சு இருப்பதால்தான் அதில் டீ ஒழுகாமல் நிற்கிறது. அதே பூச்சினால்தான் அது மண்ணில் முழுதாக மக்குவதில்லை, சாதாரணக் காகித ஆலைக்கும் உதவுவதில்லை. டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கேட்பதுதான் இதற்கு நேரான பதில்.

மஞ்சப்பை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்த பிறகு துணிப்பை பரவலாகத் திரும்பி வந்திருக்கிறது, எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நீரும் மின்சாரமும் நிறையப் போகிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைப் பாதிப்பு குறைய வேண்டுமானால் பருத்திப் பையை 131 தடவைக்கு மேல் பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு பருவநிலையை மட்டும் பார்க்கிறது. சாக்கடை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அதில் வராது. அதனால் துணிப்பை தவறு என்று ஆகிவிடாது. வாரம் இரண்டு முறை கடைக்கு எடுத்துப் போனால் ஒன்றேகால் வருடத்தில் 131ஐத் தாண்டிவிடலாம். ஆனால் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, கடைத் திறப்பு விழாப் பை என்று வீட்டில் 20 பை சேர்ந்தால், எதுவுமே அந்த எண்ணிக்கையைத் தொடாது. இருக்கிற ஐந்து பை போதுமென்றால் ஆறாவது துணிப்பையையும் மறுக்கலாம். தாம்பூலத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

குறைப்பது: அரிசி அளக்கும் ஆழாக்கிலிருந்து

எங்கள் வீட்டில் குறைப்பது என்றால் அந்த 1.6 கிலோ உணவுதான். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. எது எதனால் கெட்டது என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம். இரவுச் சோறுதான் அதிகம் மிஞ்சியது, காரணம் யார் வெளியே சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நான்கு பேருக்கும் அரிசி போடுவது. மாலை ஆறு மணிக்குள் வீட்டு வாட்ஸாப் குழுவில் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மாவு புளித்ததற்குக் காரணம், அரைத்த மொத்த மாவையும் வெளியே பொங்கவிட்டு, பிறகு ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் அந்தப் பாத்திரத்தையே வெளியே எடுத்தது. இப்போது உப்புப் போடாமல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பொங்கும் முன்பே குளிரில் வைத்துவிடுகிறேன். கொத்தமல்லியை வேர் நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்குகிறது.

மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையதாகச் சாப்பிடுவது நம் ஊரில் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. அதைக் குப்பை மேலாண்மை என்று யாரும் அழைத்ததில்லை, அவ்வளவுதான்.

வாங்கும் அளவிலும் குறைக்கலாம். 20 சாஷே ஷாம்புவை விட ஒரு பாட்டில் மேல், ஏனென்றால் பாட்டிலைக் கழுவிக் கடையில் போடலாம், பல அடுக்கு ஒட்டிய சாஷேயை யாரும் எடுப்பதில்லை. ஆனால் சில ஷாம்புகள் பாட்டிலில் வாங்குவதைவிட சாஷேயாக வாங்கினால்தான் மலிவு. கையில் அன்றன்றைக்குக் காசு புரள்கிற குடும்பத்தைப் பார்த்து ‘ஏன் சாஷே வாங்குகிறீர்கள்’ என்று கேட்பது நியாயம் இல்லை. அந்தப் பொட்டலத்தை அப்படி வடிவமைத்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மீண்டும் பயன்படுத்துவது: அதே வேலைக்கு

பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிப் பூச்சாடி செய்வதைப் பலர் மறுபயன்பாடு என்று சொல்கிறார்கள். குழந்தைகள் ஆசையாகச் செய்யட்டும். ஆனால் அந்தப் பூச்சாடி வீட்டுக்குத் தேவைப்பட்டிருக்காவிட்டால், அது இரண்டு மாதம் தள்ளிப்போன குப்பை, பெயின்ட் பூசியதால் மறுசுழற்சிக்கும் உதவாது. உண்மையான மறுபயன்பாடு எது என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. இதைப் பயன்படுத்துவதால் நான் புதிதாக ஒன்றை வாங்காமல் இருக்கிறேனா? ஊறுகாய் பாட்டிலில் மிளகாய்த்தூள் போட்டு வைத்தால், புது டப்பா வாங்கவில்லை. அது கணக்கில் சேரும்.

20 லிட்டர் தண்ணீர் கேன் இதற்கு நல்ல உதாரணம். முன்பணம் கொடுத்து ஒரு கேன் வாங்குகிறோம், காலி கேனைக் கொடுத்து நிரம்பியதை எடுத்துக்கொள்கிறோம். ஒரே கேன் பல வீடுகளுக்குப் போய் வருகிறது. அந்த முன்பணம்தான் அதைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுகிறது. 2022ல் நீலகிரியில் உயர்நீதிமன்றம் தலையிட்டு, டாஸ்மாக் மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் முறை வந்ததும் இதே தத்துவம்தான். காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் யானையின் காலில் குத்திக்கொண்டிருந்தன. ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் என்று விலை வந்தவுடன், குடித்தவர் போட்டாலும் வேறொருவர் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறார்.

பழுது பார்ப்பதும் இந்தப் படிதான். மிக்சி ஓடுகிறது, ஜார் மட்டும் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் அடியில் இருக்கும் ரப்பர் கப்ளர் தேய்ந்திருக்கும். குக்கரில் ஆவி பக்கவாட்டில் போனால் முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள். இரண்டுமே பாத்திரக் கடையில் கிடைக்கும் மலிவான சாமான்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் புது மிக்சி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பூச்சிமருந்து, ஆசிட், பினாயில் இருந்த பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

மக்க வைப்பது: எடையில் பாதிக்கு மேல் இங்கேதான் தீரும்

உணவு வீணாவதைக் குறைத்த பிறகும் வாரத்துக்கு ஆறு கிலோவுக்கு மேல் தோல், காம்பு, டீத்தூள், தேங்காய் நார் என்று வரத்தான் செய்யும். இது நேராகக் குப்பைமேட்டுக்குப் போனால் காற்றுப் புகாமல் அடியில் அமுங்கி அழுகும். அப்போது மீத்தேன் உண்டாகும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அதே தோல் காற்றோட்டத்தில் மக்கினால் மீத்தேன் மிகக் குறைவு, கையில் உரம் மிஞ்சும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் நிரம்பி வழிந்ததும் விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் வீட்டுக்கு 50 அல்லது 60 லிட்டர் டிரம் வேண்டும், அதுவும் மூன்று. ஒன்று நிரம்ப ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். அது மக்கும்போது அடுத்தது நிரம்பும், மூன்றாவது நிரம்பும் நேரத்தில் முதலாவது உரமாகியிருக்கும். பக்கங்களில் ஒரு சாண் இடைவெளியில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள், அடியிலும் ஐந்தாறு துளை. துளைகளின் மேல் கொசுவலைத் துண்டு ஒட்டினால் ஈ உள்ளே போகாது. டிரம்மை மூன்று செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகோ தென்னை நாரோ பரப்புங்கள். பிறகு தினமும், ஒரு மக் ஈரக் குப்பைக்கு ஒரு மக் நொறுக்கிய சருகு. இந்தக் கணக்கு எடையில் இல்லை, கொள்ளளவில். ஈரக் குப்பையில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். கார்பன் கிட்டத்தட்ட 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்று இருந்தால்தான் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். அந்தச் சமநிலைக்குத்தான் சருகு, அதோடு அது காற்று போகவும் இடம் விடுகிறது. தோல்களை இரண்டு அங்குலத்துக்குள் நறுக்கிப் போடுங்கள். தொடக்கத்தில் இரண்டு கை பழைய உரமோ, தண்ணீர் கலந்த புளித்த மோரோ தெளித்தால் வேகமாகத் தொடங்கும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறுங்கள். எலும்பும் இறைச்சியும் பழகும் வரை வேண்டாம். எண்ணெய்க் குழம்பைப் பிழிந்து எடுத்த பிறகு போடலாம். தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் மக்க வருடக்கணக்கில் ஆகும், அவற்றைத் தனியாக வையுங்கள்.

நகரத்தில் சருகுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தெருப் பெருக்கும் அக்காவிடம் கேளுங்கள். எங்கள் தெருவில் வாரத்துக்கு இரண்டு சாக்குச் சருகு கிடைக்கிறது. முன்பு அது தெருமுனையில் எரிந்துகொண்டிருக்கும்.

சரியாகப் போகிறதா என்று கையும் மூக்கும் சொல்லிவிடும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு துளி வந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்து போனால் குறைவு. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போகவில்லை, நன்றாகக் கிளறிச் சருகு சேருங்கள். மூத்திர வாடை போலக் காரமாக அடித்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது, அப்போதும் சருகுதான் மருந்து. எறும்பு மொய்த்து, நாள்கணக்கில் எதுவும் மாறாமல் கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. தடித்த, சாம்பல் நிறப் புழுக்கள் வந்தால்தான் பலர் டிரம்மையே தூக்கிப் போடுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, நம் வேலையை நம்மைவிட வேகமாகச் செய்யும். ஈரம் அதிகமாக இருப்பதால் வந்திருக்கும், சருகு சேர்த்தால் தானாகக் குறையும்.

டிரம் நிரம்பியதும் மூடி, வாரம் ஒருமுறை மட்டும் கிளறி, 45 முதல் 60 நாள் விடுங்கள். கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் போல மணந்தால் தயார். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் உரத்தை ஈரமாக்கிப் பத்து வெந்தயம் தூவிப் பாருங்கள். நான்கு நாளில் ஏழெட்டாவது முளைத்தால் செடிக்குப் போடலாம். முளைக்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

மறுசுழற்சி: பழைய பேப்பர் கடைக்காரரின் கண்ணோடு பாருங்கள்

எது மறுசுழற்சி ஆகும் என்பதை பாட்டிலின் அடியில் இருக்கும் முக்கோணம் தீர்மானிப்பதில்லை. அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் அது சொல்லும். உங்கள் ஊரில் அதை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. நான் எங்கள் காயலான் கடைக்காரரிடமே கேட்டேன். “சுத்தமா, காய்ஞ்சு, தனித்தனியா இருந்தா எடுத்துக்குவேன்க்கா. சோறும் எண்ணெயுமா கலந்து வந்தா சும்மா குடுத்தாக்கூட வேணாம். அதைக் கழுவ எனக்கு ஆகுற செலவுக்கு அது தேறாது” என்றார். மறுசுழற்சியைப் பற்றி நான் கேட்டதிலேயே தெளிவான விளக்கம் அதுதான்.

பால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது, நல்ல மதிப்பு உண்டு. மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல், துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி கத்தரியுங்கள். தனியாக விழும் அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, அது நேராகச் சாக்கடைக்குப் போகிறது. கவரை விரித்து ஒரு அலசு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கொடியில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். அலசாமல் சேர்த்தால் இரண்டே நாளில் நாற்றம் தாங்காது, அதோடு நீங்கள் இந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவீர்கள்.

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள் வேறு வகை. கையில் கசக்கி விட்டுப் பாருங்கள். தானாக விரிந்து, உட்புறம் வெள்ளிபோல மின்னினால் அது உலோகம் பூசிய பல அடுக்குப் பிளாஸ்டிக். அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் பழைய கடையில் போகாது. கசக்கிய வடிவிலேயே நின்றால் அது அலுமினியத் தாள். அதைத் துடைத்து உருண்டையாக்கிச் சேர்த்தால் விற்கலாம். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதைவிட மறுசுழற்சி செய்ய ஏறக்குறைய 95 சதவீதம் குறைவான ஆற்றல் போதும், அதனால் அதற்கு எப்போதும் வாங்குபவர் உண்டு. காகிதம் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிக்கொண்டே போகும், சில சுற்றுகளுக்குப் பிறகு தாளாகப் பிடிக்காது. பெட் பாட்டில் பெரும்பாலும் மீண்டும் பாட்டிலாக வருவதில்லை, பாலியஸ்டர் நூலாகிறது. அதனால்தான் இந்தப் படி மறுப்பதற்கும் குறைப்பதற்கும் கீழே இருக்கிறது.

எரித்து வெப்பம் எடுப்பது

அந்தச் சிப்ஸ் பாக்கெட்டுகள் போகக்கூடிய இடம் இது. உள்ளாட்சிகள் சேகரிக்கும் இத்தகைய காய்ந்த, விற்க முடியாத பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளுக்கு நிலக்கரியோடு எரிபொருளாகப் போகிறது. சிமென்ட் சூளையில் மூலப்பொருள் 1,450 டிகிரி வரை சூடாகிறது. அந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் முழுதாக எரிகிறது, சாம்பலும் சிமென்ட்டோடு சேர்ந்துவிடுகிறது. வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான், அவை நனையாமலும் அழுக்காகாமலும் தனியாகக் கொடுப்பது. ஈரமான பிளாஸ்டிக்கின் வெப்பம் தண்ணீரைக் காய்ச்சவே செலவாகிவிடும்.

தெருமுனையில் கொளுத்துவதை இந்தப் படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே வெப்பம் குறைவு, காற்றும் போதாது. பிவிசி கலந்திருந்தால் டையாக்ஸின் போன்ற கொடிய நச்சு உண்டாகும், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைதான்.

கடைசிப் படி: யார் கையில் போகிறது என்று நினைத்துக் கட்டுங்கள்

சென்னையில் அகற்றுதல் என்றால் பெருங்குடியும் கொடுங்கையூரும். பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியே வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்துப் புகை சுற்றுவட்டாரமெல்லாம் பரவியது. அதே ஆண்டுதான் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. நம் வீட்டு ஈரக் குப்பை அங்கே போகாமல் இருந்தால் மீத்தேனும் தீயும் குறையும்.

ஆனாலும் சில பொருட்களுக்கு வேறு வழி இல்லை. பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, வெளியே சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளே இவற்றைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்கின்றன. பிரித்துப் பார்க்கும் தூய்மைப் பணியாளருக்கு அந்தப் புள்ளி தெரிந்தால் கையை விடமாட்டார். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றை அட்டைப் பெட்டியிலோ மூடியுள்ள டப்பாவிலோ போட்டு ஒட்டி, ‘கண்ணாடி’ என்று எழுதுங்கள். கவரில் போட்டால் அது கிழித்துக்கொண்டு வரும். டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது, அவற்றை உடைக்காமல் கொடுங்கள். பேட்டரி, காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா எல்லாம் ஒரு தனிப் பெட்டியில் சேர்ந்தால், உள்ளாட்சி ஆட்கள் அபாயக் கழிவு வாங்கும் நாளில் ஒன்றாகக் கொடுத்துவிடலாம். மருந்தைக் கழிவறையில் கொட்டாதீர்கள்.

ஆறாவது வாரக் கணக்கு

ஆறு வாரம் கழித்து அதே தராசில் மறுபடி எடை போட்டேன். கெட்டுப்போன உணவு 1.6 கிலோவிலிருந்து அரை கிலோவாக இறங்கியிருந்தது. ஈரக் குப்பையில் தேங்காய் ஓட்டைத் தவிர எல்லாம் டிரம்முக்குப் போனது. ஓட்டைக் காயவைத்து ஊரில் விறகடுப்பு வைத்திருக்கும் அம்மாவுக்கு அனுப்புகிறோம். பிளாஸ்டிக் 1.1 கிலோவிலிருந்து 600 கிராம், அதில் பாதிக்கு மேல் பால் கவரும் பாட்டிலுமாகக் கடைக்குப் போனது. காகிதமும் உலோகமும் அங்கேயே. மாநகராட்சி வண்டிக்கு அந்த வாரம் நாங்கள் கொடுத்தது 1.1 கிலோ. அரை கிலோ நாப்கின், 250 கிராம் சிப்ஸ் வகைப் பாக்கெட், மீதி தூசியும் கந்தலும்.

அந்த அரை கிலோவுக்கு முதல் படியில் ஒரு பதில் இருக்கிறது. மகள் இந்த மாதம் துணி நாப்கினுக்கு மாறிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சரிப்பட்டு வந்தால் அடுத்த எடையில் தெரியும். சிப்ஸ் பாக்கெட்டுக்கு, சனிக்கிழமைகளில் அதே தூக்கை எடுத்துக்கொண்டு தெருமுனை வறுவல் கடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறோம்.